எழுபது எழுத்துக்குள் ஒரு ரெயின்கோட்

சென்னையில் ரெயின்கோட் விற்பவருக்கு வருடத்தில் ஒரே ஒரு பருவம்தான். நகரத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20ஐ ஒட்டி. அதன் பிறகு தள்ளுபடியே தேவையில்லை. நனைந்தபடி கடைக்குள் ஓடி வருகிறவர் பேரம் பேசமாட்டார். ஆனால் அந்த நான்கைந்து நாளில் எல்லோரும் ஒன்றாக வருவார்கள். கேட்ட சைஸ் இருக்காது, போட்டுப் பார்க்க இடம் இருக்காது, வந்தவரில் பாதிப் பேர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். அதனால்தான் விவரம் தெரிந்த கடைக்காரர் வானம் தெளிவாக இருக்கும்போதே சலுகையை அறிவிக்கிறார்.

தாம்பரம் பஸ் ஸ்டாண்டை ஒட்டி அப்படி ஒரு கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். சலுகை எளிமையானது. பைக் ஓட்டுபவர்களுக்கான ரெயின்கோட் செட், அதாவது ஜாக்கெட்டும் பேன்ட்டும் சேர்த்து, எம்.ஆர்.பி. 1,200 ரூபாய், சலுகை விலை 900. அக்டோபர் 31 வரை மட்டும். எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் ஆகிய பெரியவர் சைஸ்களுக்கு மட்டும். இதை மூன்று இடங்களில் சொல்ல வேண்டும்: கடை முகப்பில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர், இன்ஸ்டாகிராமில் ஒரு படமும் அதன் கீழே குறிப்பும், பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒரு எஸ்.எம்.எஸ்.

வழக்கமாக நடப்பது இதுதான். கடைக்காரர் ஒரு தாளில் ஏழெட்டு வரி எழுதுகிறார். அது அப்படியே ஃபிளெக்ஸ் கடைக்குப் போகிறது. அதே வரிகளைப் போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுகிறார்கள். எஸ்.எம்.எஸ். அனுப்பும் நேரத்தில் இடம் போதாமல் கடைசி நான்கு வரியை வெட்டுகிறார்கள். வெட்டுப்படுவது பெரும்பாலும் கெடு தேதியும் சைஸ் நிபந்தனையும்தான், ஏனென்றால் அவை கடைசியில் இருந்தன.

ஒரு சலுகையை மூன்று இடத்துக்கு மாற்றி எழுதுவது என்றால் நீளமாக எழுதியதைச் சுருக்குவது என்று நினைக்கிறோம். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு இடமும் சில விஷயங்களை நாம் சொல்லாமலே சொல்லிவிடுகிறது. எதைச் சொல்லிவிடுகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மிச்சத்துக்கு மட்டும்தான் சொல்லைச் செலவழிக்க வேண்டும்.

நம் சலுகையில் மாறக் கூடாதவை நான்கு: என்ன பொருள், என்ன விலை, எந்த நாள் வரை, யாருக்கு. மூன்று இடத்திலும் இந்த நான்கும் போய்ச் சேர வேண்டும். ஆனால் நான்கையும் எழுத்தாலேயே சேர்க்க வேண்டும் என்பதில்லை.

பேனர்: மூன்று விநாடி

பேனரைப் பார்ப்பவர் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு விநாடிக்கு எட்டு மீட்டருக்குச் சற்று அதிகம். கடை முகப்பு 25 மீட்டர் தூரத்திலிருந்து தெளிவாகத் தெரிகிறது என்றால் அவர் கடையைத் தாண்டிப் போக மூன்று விநாடி ஆகும். அந்த மூன்று விநாடியிலும் அவர் கண் முக்கால்வாசி நேரம் சாலையில் இருக்க வேண்டும். அவரால் படிக்க முடிவது ஆறேழு சொற்கள்தான்.

எழுத்தின் உயரத்துக்குப் பலகை எழுதுபவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. சுலபமாகப் படிக்க வேண்டுமென்றால் பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம். 25 மீட்டர் என்பது ஏறக்குறைய 82 அடி. ஆகவே முக்கியமான வரியின் எழுத்து எட்டு அங்குலமாவது இருக்க வேண்டும். இந்தக் கணக்கு ஆங்கில எழுத்தை வைத்துப் பிறந்தது. தமிழில் மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரச் சுழியும் வருவதால் எட்டு அங்குல எழுத்துக்கு வரி உயரமாகப் பன்னிரண்டு அங்குலம் விட வேண்டும். விடாவிட்டால் ஒரு வரியின் புள்ளி மேல்வரியின் காலில் இடிக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு வரியும் ஒரே கறையாகத் தெரியும்.

அகலத்தையும் பார்ப்போம். பேனர் பத்தடிக்கு நாலடி. இரண்டு ஓரமும் ஆறு அங்குலம் விட்டால் எழுதக் கிடைப்பது 108 அங்குலம். எட்டு அங்குல அகலத்தில் பதின்மூன்று எழுத்து நிற்கும். ‘ரெயின்கோட் செட்’ என்று எழுதிப் பாருங்கள். வாயால் சொன்னால் ஏழு எழுத்து. ஆனால் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால் எல்லாம் தனித்தனியே அகலம் பிடிக்கும். இடைவெளியோடு சேர்த்துப் பன்னிரண்டு இடம் போய்விடும். ஒரு வரி முடிந்தது.

ஆக, நம் பேனரில் மூன்று வரிதான் நிற்கும்.

ரெயின்கோட் செட்
₹900
அக். 31 வரை

முதல் வரி எட்டு அங்குலம். நடு வரியின் எண்கள் பதினான்கு அங்குலம்; எண்ணுக்குப் புள்ளியும் கொம்பும் இல்லை என்பதால் கூடுதல் இடம் விட வேண்டாம். கடைசி வரி ஆறு அங்குலம். நாலடி உயரத்தில் இவை மூச்சு விட இடத்தோடு உட்காரும்.

கடைக்காரர் முதலில் கேட்பது, “25 சதவீதம் தள்ளுபடின்னு பெரிசா போட வேண்டாமா?” என்பதுதான். போட வேண்டாம். ஆடி மாதம் முழுவதும் ஐம்பது சதவீதம், எழுபது சதவீதம் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு 25 ஒரு பொருட்டே இல்லை. அதோடு, சதவீதத்தைப் படிப்பவர் எந்த விலையில் 25 என்று தனியாகக் கணக்குப் போட வேண்டும். மூன்று விநாடியில் அது நடக்காது. 900 என்பது பையில் இருக்கிறதா இல்லையா என்று உடனே தெரிகிற எண்.

கடையின் முகவரியை எழுதவில்லை. பேனர் தொங்கும் இடமே முகவரி. சைஸ் நிபந்தனையையும் எழுதவில்லை. ஆனால் அதை விட்டுவிடவும் முடியாது. குழந்தைக்கு வாங்க நினைத்து வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, உள்ளே வந்து ‘இல்லை’ என்று கேட்டுத் திரும்புகிற தாய் அந்தக் கடையை மறக்கமாட்டார். அந்த வேலையைப் படம் செய்ய வேண்டும். ஹெல்மெட் போட்ட, வளர்ந்த ஒருவர் பைக்கில் உட்கார்ந்திருக்கும் படம் வலது ஓரத்தில் இருந்தால் ‘பெரியவர்களுக்கு’ என்ற சொல்லின் அவசியம் பெருமளவு குறைகிறது. குடை பிடித்த குழந்தையின் படம் அழகாக இருக்கும், ஆனால் தவறான ஆளை உள்ளே அழைக்கும். படத்துக்கு இடம் வேண்டுமென்றால் பேனரைப் பன்னிரண்டு அடியாக்குங்கள். எழுத்தைச் சிறிதாக்காதீர்கள்.

மழைக்கால வெளிச்சம் மங்கலானது. அதனால் மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து போன்ற வலுவான வேறுபாடு வேண்டும். நீலத்தின் மேல் சிவப்பு, கம்ப்யூட்டர் திரையில் பளபளக்கும். மேகமூட்டத்தில் இரண்டும் ஒரே இருட்டாகிவிடும். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் வடிவமைப்பை மொபைலில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அப்போதும் எழுத்து தனியாகத் தெரிந்தால் சரி.

பேனரின் இடம் கடைச் சுவர்தான். சாலை நடுவிலோ நடைபாதையிலோ வைக்கவே கூடாது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலை நடுவே அனுமதியில்லாமல் வைத்திருந்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் சென்ற இளம் பெண் ஒருவர் உயிரிழந்தார். நாம் கோட் விற்க நினைப்பதே அப்படி வண்டியில் போகிறவர்களுக்குத்தான்.

இன்ஸ்டாகிராம்: சந்தேகங்களின் இடம்

குறிப்பைப் படிப்பவர் வீட்டில் இருக்கிறார். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் சாய்ந்து திரையைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். அவருக்கு அவசரம் இல்லை. அதனாலேயே சந்தேகம் அதிகம். போன வருடம் வாங்கியதில் தண்ணீர் புகுந்தது நினைவுக்கு வரும். அலுவலக பேன்ட்டுக்கு மேல் இது ஏறுமா என்று தோன்றும். தாம்பரம் வரை போய் சைஸ் இல்லையென்றால் என்ன செய்வது என்று யோசிப்பார். பேனர் வாங்கும் எண்ணத்தைக் கிளப்பியது. குறிப்பு அந்த எண்ணத்தைத் தடுக்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இன்ஸ்டாகிராம் குறிப்பில் 2,200 எழுத்து வரை எழுதலாம். ஆனால் திரையில் முதல் இரண்டு வரி போலத்தான் தெரியும், மிச்சத்தைப் பார்க்கத் தொட்டுத் திறக்க வேண்டும். தமிழ் எழுத்து அகலமானது என்பதால் அந்த இரண்டு வரியில் ஆங்கிலத்தைவிடக் குறைவான சொற்களே அடங்கும். ‘அனைவருக்கும் இனிய மழைக்கால வணக்கம்’ என்று ஆரம்பித்தால் அந்த இடம் முழுவதும் வணக்கத்துக்கே போய்விடும்.

இப்படி எழுதலாம்:

*மழைத் தண்ணீர் முதலில் புகுவது பேன்ட்டின் உட்காரும் இடத் தையலில்தான். இந்த செட்டில் அந்தத் தையலின் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கிறது. படத்தில் பாருங்கள்.*

*ஜாக்கெட் + பேன்ட் ரூ.900 (எம்.ஆர்.பி. ரூ.1,200). அக்டோபர் 31 வரை.*

*எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் மட்டும். குழந்தைகள் சைஸ் இந்தச் சலுகையில் இல்லை. அலுவலக உடைக்கு மேலேயே போட்டு, வண்டியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்கலாம். தாம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே. சைஸ் இருக்கிறதா என்று கேட்க வாட்ஸப் எண் படத்தில்.*

முதல் வரி பைக்கில் மழையில் போன எவருக்கும் தெரிந்த உண்மை. சீட்டில் தேங்கும் தண்ணீரின் மேலேயே உட்கார்ந்திருப்பதால், உடம்பின் எடை அந்தத் தண்ணீரைத் தையலின் ஊசித் துளைகள் வழியே உள்ளே அழுத்துகிறது. துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தையலுக்குள் டேப் இல்லையென்றால் நனையும். கடைக்காரருக்கு இது மனப்பாடம். ஆனால் விளம்பரத்தில் அவர் எழுதுவது ‘உயர்தரம்’ என்று. ‘உயர்தரம்’ என்பதைப் படிப்பவர் சரிபார்க்க முடியாது; டேப் ஒட்டிய தையலைப் படத்தில் பார்க்கலாம், கடையில் புரட்டியும் பார்க்கலாம். அதனால் இங்கே படம் மாடல் போஸ் கொடுக்கும் படமாக இருக்கக் கூடாது. பேன்ட்டை உள்பக்கம் திருப்பி, தையலைக் கிட்டத்தில் எடுத்த படமாக இருக்க வேண்டும்.

‘ஒரு சொட்டு நனையாது’ என்று எழுதும் ஆசையையும் அடக்க வேண்டும். கழுத்து வழியாகவும் கை முனை வழியாகவும் கொஞ்சம் தண்ணீர் எந்தக் கோட்டிலும் புகும். ஒருவர் நனைந்துவிட்டால் அந்தக் குறிப்புக்குக் கீழேயே வந்து எழுதுவார், அடுத்து வருகிற அத்தனை பேரும் அதைப் படிப்பார்கள்.

விலையை இங்கே மறைக்கவே கூடாது. ‘விலைக்கு மெசேஜ் செய்யவும்’ என்று எழுதுவது கடைக்காரருக்கு வாடிக்கையாளர் எண்ணைச் சேர்த்துக் கொடுப்பது போலத் தோன்றும். உண்மையில் இரவு பத்து மணிக்குக் கேட்டவருக்குக் காலை பதினொன்றுக்குப் பதில் போகும், அதற்குள் அவர் வேறெங்கோ ஆர்டர் போட்டிருப்பார். இன்ஸ்டாகிராம் குறிப்புக்குள் இணைய முகவரி எழுதினால் அதைத் தொட்டுப் போகவும் முடியாது. அதனால் அடுத்த வேலை கேட்பவருக்குச் சுலபமானதாக இருக்கட்டும்: வாட்ஸப்பில் சைஸைச் சொல்லிக் கேட்பது.

நிபந்தனையை விளக்கமாகச் சொல்ல இடம் இருப்பது இந்த மூன்றில் இங்கே மட்டும்தான். அதைத் தமிழிலேயே, அதே அளவு எழுத்தில் சொல்லுங்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட விளம்பர வழிகாட்டு நெறிகளும் அதைத்தான் சொல்கின்றன: விளம்பரத்தில் ஒரு வாக்குறுதி எந்த மொழியில் இருக்கிறதோ, அதற்கான நிபந்தனையும் அதே மொழியில் இருக்க வேண்டும். தமிழில் சலுகையைச் சொல்லிவிட்டு மூலையில் ஆங்கிலத்தில் நிபந்தனை போடுவது சரியல்ல.

எஸ்.எம்.எஸ்.: எழுபது இடம்

எஸ்.எம்.எஸ். போவது ஏற்கெனவே இந்தக் கடையில் ரெயின்கோட் வாங்கியவர்களுக்கு. இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. போன வருடம் கோட் வாங்கியவருக்கு இந்த வருடம் எதற்குக் கோட்? இதற்குப் பதில் இல்லாத எஸ்.எம்.எஸ். படிக்கப்படாமலே அழியும்.

பதில் கோட்டிலேயே இருக்கிறது. நைலான் கோட்டின் உட்புறம் பூசியிருக்கும் பாலியூரிதேன் படலம்தான் தண்ணீரைத் தடுக்கிறது. ஈரத்தோடு மடித்து வண்டிப் பெட்டிக்குள் வைத்தால் அது நாளடைவில் பிசுபிசுத்து, செதில் செதிலாக உரியும். வெளியே பார்க்கப் புதிதாக இருக்கும். முதல் மழையில் ஒழுகும். ஆகவே இந்த வாடிக்கையாளரிடம் சலுகையைச் சொல்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, பழையது இன்னும் தாங்குகிறதா என்பது.

இனி இடம். ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்குள் 140 பைட் அடங்கும். ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட் போதும் என்பதால் 160 எழுத்து நுழைகிறது. தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் பதினாறு பிட் வேண்டும். அதனால் 70தான். குறி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘க’ ஒரு குறி. ‘க்’ இரண்டு குறி, ககரமும் புள்ளியும். ‘கோ’வும் இரண்டு. ‘ரெயின்கோட்’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணக்கில் பத்து. இடைவெளி, முற்றுப்புள்ளி ஒவ்வொன்றும் ஒன்று.

*ரெயின்கோட் ஒழுகுதா? புது செட் ரூ.900. அக்.31 வரை. (கடைப் பெயர்), தாம்பரம்*

கடைப் பெயரைத் தவிர்த்து எண்ணினால் 60 வரும். பெயருக்கு மிச்சம் பத்து. ‘முருகன்’ என்று நான்கெழுத்துப் பெயர் வைத்தால் ஏழு குறி, சரியாக அடங்கிவிடும். நீளமான பெயர் என்றால் வாடிக்கையாளர் வாயில் வழங்கும் சுருக்கப் பெயரைப் போடலாம். பெயரை மட்டும் விட்டுவிடக் கூடாது. அனுப்புநர் இடத்தில் வரும் ஆறெழுத்துக் குறியீட்டை வைத்து எந்தக் கடை என்று யாருக்கும் புரியாது. முழு முகவரி தேவையில்லை. அவர்கள் ஏற்கெனவே வந்தவர்கள், ‘தாம்பரம்’ என்றால் போதும்.

சைஸ் நிபந்தனை இதில் இல்லையே? அதைச் சொல்ல வேண்டியது எண்களின் பட்டியல். பில் புத்தகத்திலிருந்து பெரியவர் சைஸ் வாங்கியவர்களின் எண்களை மட்டும் எடுத்து அனுப்பினால், நிபந்தனையின் பெரும்பகுதியைப் பட்டியலே பார்த்துக்கொள்ளும். பள்ளிக் குழந்தைகளுக்கு வாங்கியவர்களை அதில் சேர்க்க வேண்டாம்.

71ஆவது குறி வந்தால் என்ன ஆகும்? செய்தி இரண்டாக உடையும். உடைந்த துண்டுகளை ஒட்டவைக்கும் தகவலுக்கும் இடம் வேண்டும் என்பதால் ஒவ்வொரு துண்டிலும் 67 குறிதான் நுழையும். ஆயிரம் பேருக்கு அனுப்பினால் இரண்டாயிரம் எஸ்.எம்.எஸ்.ஸுக்குப் பணம் போகும். உங்கள் மொபைலுக்கு அனுப்பிப் பார்த்தால் இது தெரியாது, ஏனென்றால் மொபைல் இரண்டையும் ஒட்டி ஒன்றாகவே காட்டும். அனுப்பும் நிறுவனத்தின் திரையில், எழுதும் பெட்டிக்குப் பக்கத்தில் காட்டும் எண்ணிக்கையைத்தான் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் அனுப்புபவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. ₹ என்ற குறி பழைய எஸ்.எம்.எஸ். எழுத்து வரிசையில் இல்லை. முழுச் செய்தியும் ஆங்கிலமாக இருந்து, ₹ ஒன்று மட்டும் சேர்ந்தாலும் 160 இடம் 70 ஆகச் சுருங்கிவிடும்.

இன்னொன்று, இந்தச் செய்தியை நினைத்தபோது மாற்ற முடியாது. டிராய் 2018இல் கொண்டுவந்த விதிகளின்படி வியாபாரச் செய்தியின் வாசகத்தை முன்கூட்டியே தொலைபேசி நிறுவனங்களின் தளத்தில் பதிவு செய்து ஒப்புதல் பெற வேண்டும். பதிந்த வாசகத்துக்கும் அனுப்பும் வாசகத்துக்கும் பொருந்தவில்லை என்றால் செய்தி போகாது. இணைய முகவரி வைப்பதாக இருந்தால் அதையும் முன்பே பதிந்திருக்க வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து பதியாத இணைப்பு உள்ள செய்திகள் தடுக்கப்படுகின்றன. அதனால் பதியும்போதே விலையையும் தேதியையும் மாறும் இடங்களாகக் குறித்து வைத்துவிடுங்கள். நவம்பர் 10 வரை நீட்டிக்க நேர்ந்தால் மறுபடியும் ஒப்புதலுக்கு அலைய வேண்டியதில்லை. விளம்பரம் வேண்டாம் என்று 1909இல் பதிந்தவர்களின் எண்களுக்கு அவர்கள் தனியாகச் சம்மதம் தராமல் அனுப்பவும் கூடாது.

கல்லாப்பெட்டியில் சந்திக்கும் மூன்றும்

மூன்றையும் தனித்தனியே நன்றாக எழுதிய பிறகும் ஒரு தவறு நடக்கலாம். பேனரில் 25 சதவீதம், எஸ்.எம்.எஸ்.ஸில் 300 ரூபாய் குறைவு, இன்ஸ்டாகிராமில் 900 ரூபாய் என்று போட்டால் கணக்கில் மூன்றும் ஒன்றுதான். கல்லாவில் நிற்பவருக்கு அப்படித் தெரியாது. “அண்ணே, மெசேஜ்ல 300 குறைவுன்னு வந்துச்சு, வெளியில 25 பர்சன்ட்னு போட்டிருக்கு. ரெண்டும் சேர்த்து எவ்வளவு?” என்று கேட்பார். அவர் மனத்தில் விலை 675க்கு இறங்கியிருக்கும். உண்மையான விலையைக் கேட்டதும் ஏமாந்ததாக நினைப்பார். வாசகம் எத்தனை மாறினாலும் எண் மூன்று இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். நாம் எல்லா இடத்திலும் 900 என்றே வைத்தோம்.

வெளியிடும் வரிசையும் முக்கியம். அனுப்பிய எஸ்.எம்.எஸ்.ஸைத் திரும்பப் பெற முடியாது. அச்சான ஃபிளெக்ஸின் மேல் ஸ்டிக்கர் ஒட்டலாம், பார்க்க நன்றாக இருக்காது. இன்ஸ்டாகிராம் குறிப்பை எந்த நிமிடமும் திருத்தலாம். ஆகவே திருத்தவே முடியாத எஸ்.எம்.எஸ்.ஸை முதலில் எழுதி முடித்து, அதே எண்ணையும் தேதியையும் பேனருக்குக் கொடுத்து, குறிப்பைக் கடைசியில் எழுதுவது நல்லது. பட்டியல் முழுவதற்கும் ஒரே நாளில் எஸ்.எம்.எஸ். அனுப்பாமல் நாளுக்கு இருநூறு பேர் என்று பிரித்தால், எக்ஸ்எல் தீர்ந்துபோன நாளில் நிறுத்திக்கொள்ளலாம்.

எது வேலை செய்தது என்று தெரிந்துகொள்ள பில் போடும் இடத்தில் ஒரு நோட்டு போதும். பேனர், இன்ஸ்டா, மெசேஜ் என்று மூன்று கட்டம். “எங்க பார்த்தீங்க?” என்று கேட்டு ஒரு கோடு. நிறையப் பேர் உள்ளே வந்து குழந்தை சைஸ் கேட்டுத் திரும்புகிறார்கள் என்றால் பேனரின் படம் தன் வேலையைச் செய்யவில்லை. வாட்ஸப்பில் திரும்பத் திரும்ப விலையையே கேட்கிறார்கள் என்றால் குறிப்பில் விலை இரண்டு வரிக்குக் கீழே மறைந்திருக்கிறது; அதை மேலே கொண்டுவர வேண்டும். எஸ்.எம்.எஸ். பார்த்தவர் “எந்தக் கடைன்னு தெரியல, சும்மா வந்தேன்” என்றால் பெயரைச் சுருக்கியது அதிகமாகிவிட்டது.

அந்த நோட்டின் முதல் பக்கத்தில் நான்கு வரி எழுதி வையுங்கள்: ஜாக்கெட்டும் பேன்ட்டும், 900 ரூபாய், அக்டோபர் 31 வரை, எல் முதல் டபுள் எக்ஸ்எல் வரை. மூன்று விளம்பரத்தையும் எழுதியவர் கடையில் இருக்கமாட்டார். கல்லாவில் இருக்கும் பையன்தான் இருப்பான். பேனரைப் பார்த்து நிறுத்தியவரும், படத்தில் தையலைப் பார்த்து வந்தவரும், ஒழுகிய கோட்டை நினைத்து வந்தவரும் அவன் முன்னால்தான் நிற்பார்கள். அவன் மூவருக்கும் சொல்கிற விலை ஒன்றாக இருக்க வேண்டும்.